லெட்ஜர்ல 89,600 இருக்கு, பிறகு ஏன் லீசிங் காசு போகல?

ஏடிஎம்ல பேலன்ஸ் பாத்தா வாற துண்டில ரெண்டு நம்பர் இருக்கும். ஒண்டு லெட்ஜர் பேலன்ஸ், சில பேங்க்ல அதையே கரன்ட் பேலன்ஸ் எண்டு போட்டிருப்பாங்க. மற்றது அவைலபிள் பேலன்ஸ். பெரும்பாலான நாளில ரெண்டுக்கும் சின்ன வித்தியாசம்தான் இருக்கும், அதால ஒருத்தரும் கவனிக்கிறதில்ல. ஒரு நாள் பெரிய வித்தியாசம் வந்தோண்டதான் சனம் "என்ர காச பேங்க் புடிச்சு வச்சிருக்கு" எண்டு சத்தம் போட்டுக்கொண்டு கவுண்டருக்கு வாறது. சொல்றது அரைவாசி சரிதான், புடிச்சுத்தான் வச்சிருக்கு, ஆனா எதுக்காக எண்டு வடிவா விளங்கினா அந்தச் சண்டைக்குத் தேவை இருக்காது.

லெட்ஜர் எண்டா பதிவுக் கணக்கு. உங்கட கணக்கில என்னென்ன வரவு செலவு எழுதியாச்சோ, அதெல்லாத்தையும் கூட்டிக் கழிச்சு வாற நம்பர். பாஸ்புக் அடிச்சா வலப்பக்கக் கடைசிக் கட்டத்தில வாறது இதுதான். அவைலபிள் எண்டது வேற ஒரு கேள்விக்கான பதில், அதாவது இந்த நிமிசத்தில நீங்க வெளிய எடுக்கக்கூடிய காசு எவ்வளவு. லெட்ஜர்ல இருந்து இன்னும் கைக்கு வராத செக் காசக் கழிக்க வேணும், கார்டில ஆராவது ஒதுக்கி வச்சிருக்கிற தொகையக் கழிக்க வேணும், சேவிங்ஸ் கணக்கில எப்பவும் விட்டு வைக்க வேண்டிய மினிமம் பேலன்சையும் கழிக்க வேணும். கோர்ட் ஓடர் இருந்தாலோ, அந்தக் கணக்கையே ஒரு கடனுக்குப் பிணையா வச்சிருந்தாலோ அதுவும் கழியும், அதெல்லாம் எப்பவாவதுதான்.

இதில மினிமம் பேலன்ஸ் ஒரு பிரச்சினையே இல்ல, அது எப்பவும் ஒரே தொகை, பழகிப்போயிடும் (சில பேங்க் அதைக் கழிக்காமலே அவைலபிளக் காட்டும், அதையும் தெரிஞ்சு வச்சுக்கொள்ளுங்க). தலையிடி தாறது மற்ற ரெண்டும், கார்டில ஒதுக்கி வைக்கிற தொகையும், அதைத்தான் ஹோல்ட் எண்டுறது, செக்கும். இந்த ரெண்டும் ஒரே கிழமையில சேந்து வந்தா என்ன நடக்கும் எண்டு ஒரு ஆளின்ர கணக்க வச்சே பாப்பம். ஆளின்ர பேர் வேண்டாம், தொகையளையும் கணக்குப் பாக்க லேசா இருக்கட்டும் எண்டு மாத்தியிருக்கிறன், நடந்த விதம் அப்பிடியேதான்.

ஆள் திருகோணமலை, நிலாவெளிப் பக்கம் உள்ள ஹோட்டல்களுக்கு மீன், றால், கணவாய் குடுக்கிறவர். சீசன் நேரம் நல்ல ஓட்டம். ஹோட்டல்காரர் காசாக் குடுக்க மாட்டினம், செக்தான். மீன் ஏத்திறதுக்கு லீசிங்ல ஒரு சின்ன லொறி எடுத்திருக்கிறார், மாசம் 28,000 கட்ட வேணும், அது ஸ்டாண்டிங் ஓடர் போட்டு சேவிங்ஸ் கணக்கில இருந்து தானாப் போகும்.

புதன்கிழமை காலமை கணக்கில லெட்ஜர் 42,000. மினிமம் பேலன்ஸ் 1,000, அப்ப அவைலபிள் 41,000. அண்டைக்கு ஒரு அலுவலா கொழும்புக்குப் போறார், இரவு அங்க ஒரு ஹோட்டல்ல தங்க வேண்டி வந்திட்டு. செக் இன் பண்ணேக்க ரிசப்சன்ல டெபிட் கார்ட வாங்கி 20,000 ரூபாய்க்கு இழுத்திருக்கினம். "டிப்போசிட் மாதிரித்தான் சேர், போகேக்க விட்டுடுவம்" எண்டிருக்கினம். போனுக்கு உடன எஸ்எம்எஸ் வந்திட்டு. இப்ப கணக்கப் பாத்தா லெட்ஜர் அதே 42,000, அவைலபிள் மட்டும் 21,000.

ஏன் லெட்ஜர் அசையல? கார்ட் இழுக்கேக்க நடக்கிறது ஒரு வேலை இல்ல, ரெண்டு வேலை. முதல்ல ஹோட்டல் மெசின் உங்கட பேங்க்கிட்டக் கேக்குது, இந்தக் கார்டில இவ்வளவு இருக்கோ, இருந்தா எனக்காக ஒதுக்கி வையுங்க எண்டு. பேங்க் ஓம் எண்டு சொல்லி ஒரு அப்ரூவல் கோட் குடுக்கும், 6 எழுத்து இலக்கம், கார்ட் துண்டில அடிச்சிருக்கும். இந்த இடத்தில காசு ஒரு சதமும் ஹோட்டலுக்குப் போகல, உங்கட கணக்கில ஒரு வரி கூட எழுதல, ஒதுக்கி வச்சது மட்டும்தான். ரெண்டாவது வேலை, ஹோட்டல் தன்ர பேங்க் மூலமா "சரி, இப்ப அந்தக் காசத் தா" எண்டு கணக்க அனுப்பிறது. கடையில சாமான் வாங்கினா இது வழமையா ஒண்டு ரெண்டு நாளுக்குள்ள வந்திடும். அது வந்தாத்தான் லெட்ஜர்ல கழியும், அதோட ஹோல்டும் இல்லாமப் போகும். இடைப்பட்ட நாள் முழுக்க ரெண்டு நம்பரும் ஒத்து வராது. அதுவரைக்கும் பாஸ்புக் அடிச்சுப் பாத்தாலும் அந்த 20,000 எங்கயும் இருக்காது, ஏனெண்டா பாஸ்புக் லெட்ஜர மட்டும்தான் அடிக்கும். எஸ்எம்எஸ்ல காசு போனமாதிரி, பாஸ்புக்ல போகாதமாதிரி, பாக்கிறவருக்குத் தலை சுத்தாம என்ன செய்யும்.

வியாழக்கிழமை காலமை ரூம விட்டு வெளிக்கிடுறார். பில் 12,400. ரிசப்சன்ல இருந்த பெடியன் செய்திருக்க வேண்டியது, முந்தின நாள் ஒதுக்கி வச்ச 20,000 ஐயே எடுத்து அதில 12,400 ஐ மட்டும் முடிச்சு, மிச்சத்த விடுவிக்கிறது. மெசின்ல அதுக்கு எண்டு தனியா ஒரு மெனு இருக்கு. ஆனா அவன் செய்தது கார்டத் திரும்ப வாங்கிப் புதுசா 12,400 ரூபாய்க்கு இழுத்தது. இது கன இடத்தில நடக்கிற விசயம், பழைய அப்ரூவல் கோடத் தேடி அடிக்கிறத விடப் புதுசா இழுக்கிறது லேசு எண்டு போட்டு அப்பிடிச் செய்யிறாங்கள். விளைவு என்னெண்டா இப்ப ஒரே தங்கலுக்கு ரெண்டு ஹோல்ட், 20,000 ஒண்டு, 12,400 ஒண்டு, மொத்தம் 32,400. லெட்ஜர் இப்பவும் 42,000. அவைலபிள் 8,600. இவர் பில் கட்டியாச்சு எண்டு நினைச்சுக்கொண்டு இரவு பஸ்ஸில திருகோணமலைக்கு வந்திட்டார், போனைப் பாக்கல.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு ஹோட்டல்ல இருந்து 60,000 ரூபாய் செக் கிடைக்குது. டவுனுக்குள்ள வந்து சேரவே கிளியரிங்குக்கான கட் ஓஃப் நேரம் முடிஞ்சிட்டு, செக்கப் பெட்டிக்குள்ள போட்டிட்டுப் போயிட்டார். இந்தக் கட் ஓஃப் நேரத்த ஒருத்தரும் கணக்கெடுக்கிறதில்ல, ஆனா எல்லாமே அதிலதான் இருக்கு.

செக் போட்டோண்ட அது போற வழி இதுதான். முந்தி கடதாசிச் செக்கக் கட்டுக் கட்டாக் கொழும்புக்கு அனுப்பித்தான் மாத்தினது, திருகோணமலையில போட்ட செக் மாற நாள்கணக்காக் காத்திருக்க வேணும். 2006ல இருந்து செக்கின்ர படத்தத்தான் அனுப்பிறது. நீங்க போட்ட பேங்க் செக்க ஸ்கேன் பண்ணி, பேங்க்குகளுக்கிடையில செக் மாத்திக் குடுக்கிற லங்காபேக்கு அனுப்பும் (முந்தி லங்காகிளியர் எண்ட பேர்), அங்க இருந்து அது செக் எழுதினவரின்ர பேங்க்குக்குப் போகும். அந்த பேங்க் கையெழுத்துச் சரியோ, திகதி சரியோ, இலக்கத்தில எழுதினதும் எழுத்தில எழுதினதும் ஒத்துப்போகுதோ, முக்கியமா கணக்கில காசு கிடக்கோ எண்டு பாத்து, ஏதும் பிழை எண்டா திருப்பி அனுப்பும். இதுக்கு அடுத்த வேலை நாள் தேவை. அதாவது கட் ஓஃப்புக்கு முதல் போட்ட செக் அடுத்த வேலை நாள் காசாகும், கட் ஓஃப்புக்குப் பிறகு போட்டா இன்னும் ஒரு வேலை நாள் தள்ளிப்போகும். சனி, ஞாயிறு வேலை நாள் இல்ல, போயா வந்தா அதுவும் இல்ல. இவர் வெள்ளி பின்னேரம் போட்ட செக் திங்கள்தான் கிளியரிங்குக்குப் போகும், செவ்வாய்தான் காசாகும். அதே செக்க வெள்ளி காலமை போட்டிருந்தா திங்களே காசாகியிருக்கும்.

இங்கதான் எல்லாரும் கேக்கிற கேள்வி வரும். காசாகலயெண்டா பிறகு ஏன் லெட்ஜர்ல ஏத்திறாங்கள்? பேங்க்கின்ர பக்கத்தில இருந்து பாத்தா செக்க வாங்கினதே ஒரு கொடுக்கல் வாங்கல், அதைப் பதியாம விட ஏலாது, உங்கட பேருக்கு 60,000 வரவு, மற்றப் பக்கம் கிளியரிங்ல இருந்து வர வேண்டியது 60,000. பதிவு சரி. ஆனா அந்த 60,000 இன்னும் மற்ற பேங்க் ஒத்துக்கொள்ளாத காசு, அதால பதிவோட சேத்து "ரியலைஸ் ஆகல" எண்டு ஒரு குறியும் போட்டு, அவைலபிள்ல சேக்காம வச்சிருப்பினம். (எல்லா பேங்க்கும் இப்பிடி இல்ல, சிலது காசாகும் வரைக்கும் லெட்ஜர்லயே காட்டாது, அப்ப குழப்பமும் குறைவு.)

திங்கக்கிழமைக்கு வருவம். கிழமைக் கடைசிக்குள்ள ஹோட்டல் பில் 12,400 இன்ர கணக்கு வந்து சேந்திட்டு, லெட்ஜர்ல கழிஞ்சிட்டு, அதுக்கான ஹோல்டும் போயிட்டு. செக்கும் காலமை பதிஞ்சாச்சு. 42,000 இல இருந்து 12,400 போக 29,600, அதோட 60,000 சேர 89,600. பத்து பதினொரு மணி போல இவர் ஏடிஎம்ல பாக்கிறார், லெட்ஜர் 89,600 எண்டு காட்டுது. அண்டைக்கு லீசிங் 28,000 போக வேண்டிய நாள். தாராளமாக் கிடக்கெண்டு ஆள் மீன் ஏத்தப் போயிட்டார். கீழ இருந்த ரெண்டாவது நம்பரப் பாக்கல. அது இப்பவும் 8,600 தான்.

கவனிச்சீங்களோ, 12,400 லெட்ஜர்ல கழிஞ்சும் அவைலபிள் மாறல. அது வியாழக்கிழமையே அவைலபிள்ல இருந்து போயிட்டு, பதிவு பிந்தி வந்து சேந்தது மட்டும்தான். செக் 60,000 ஏறியும் அவைலபிள் மாறல, அது இன்னும் காசாகல. ஹோட்டலுக்கெண்டு சும்மா கிடக்கிற 20,000 இன்னும் ஒதுக்கினபடிதான்.

பின்னேரம் ஸ்டாண்டிங் ஓடர் ஓடேக்க சிஸ்டம் பாக்கிறது அவைலபிள மட்டும்தான். 28,000 வேணும், 8,600 தான் இருக்கு, காசு போகல, காசு காணாதெண்டு எஸ்எம்எஸ் வருது. ஏடிஎம், கார்ட், வேற கணக்குக்குக் காசு மாத்திறது, ஸ்டாண்டிங் ஓடர், எல்லாம் இப்பிடித்தான், லெட்ஜர் பேலன்ஸ வச்சு ஒரு சதமும் வெளிய போகாது.

செவ்வாய் காலமை ஆள் பேங்க்குக்கு வந்து நிண்டார்.

"தம்பி, எண்பத்தொன்பதாயிரம் கிடக்கு, இருபத்தெட்டாயிரம் போகேல்லையாம், இதென்ன பகிடியோ?"

"அண்ணை, கிடக்குதான். ஆனா அதில அறுபது செக் காசு, இண்டைக்குப் பின்னேரம்தான் மாறும். இன்னொரு இருபது கொழும்பு ஹோட்டல் புடிச்சிருக்கு. அங்க பில் கட்டேல்லையோ?"

"பில் கட்டினனான்டாப்பா, பன்னிரண்டாயிரத்து நானூறு."

"அது வேற, இது வேற அண்ணை."

கவுண்டர்ல இருந்தவர் திரையத் திருப்பிக் காட்டித்தான் விளங்கப்படுத்தினது. உண்மையில இந்தக் கணக்க நாங்களே பாக்கலாம், ரெண்டு நம்பரையும் கழிச்சா வாறது 89,600 கழிக்க 8,600, அதாவது 81,000. அந்த 81,000 இக்கு ஆள் தேட வேணும். செக் 60,000, ஹோட்டல் ஹோல்ட் 20,000, மினிமம் 1,000, சரியா வந்திட்டு. இப்பிடித் தேடி ஒரு தொகைக்கு ஆள் கிடைக்கலயெண்டா, எஸ்எம்எஸ்களப் பின்னுக்குப் போய்ப் பாருங்க, கார்டுக்கு இழுத்த எஸ்எம்எஸ் வந்து, ஆனா ஸ்டேட்மன்ட்ல அந்த வரி இல்லயெண்டா அதுதான் ஹோல்ட். அதிலயும் காணேல்லையெண்டா பேங்க்கிட்டக் கேளுங்க, என்ன ஹோல்ட், என்ன தொகை, எப்ப போட்டது எண்டு அவங்கட திரையில தனித்தனியா இருக்கும்.

செவ்வாய் பின்னேரம் செக் மாறினோண்ட லெட்ஜர் அசையாம அதே 89,600 இல நிக்குது, அவைலபிள் மட்டும் 8,600 இல இருந்து 68,600 இக்கு ஏறுது. ஏற்கனவே எழுதின வரிதானே, இப்ப அந்தக் குறிய மட்டும் எடுத்திருக்கு. செக் திரும்பியிருந்தா எல்லாம் மறுபக்கம், லெட்ஜர் 60,000 இறங்கி 29,600 ஆகும், அவைலபிள் அதே 8,600, செக் திரும்பினதுக்கான சார்ஜ் இருந்தா அதுவும் கழியும். அவைலபிள்ல சேக்காம வச்சிருந்த காரணம் அப்பத்தான் விளங்கும். திங்கக்கிழமையே இவர் 60,000 ஐ எடுத்துச் செலவழிச்சிருந்தா, செவ்வாய் செக் திரும்பி வாற நேரம் பேங்க் இவரிட்டக் காசு கேட்டுத் திரிய வேண்டி வந்திருக்கும், சேவிங்ஸ் கணக்கில ஓவர்ட்ராஃப்ட் எண்டு ஒண்டும் இல்லத்தானே.

செக் குடுத்த ஹோட்டல்காரர் இதே 60,000 ஐ வெள்ளி பின்னேரம் அப்பில இருந்து, பேங்க் விட்டுப் பேங்க் உடன காசு அனுப்பிற செஃப்ட்ஸ்ல போட்டிருந்தா ரெண்டு நம்பரும் ஒண்டா ஏறியிருக்கும், அதுவும் அந்த நிமிசமே, சனி ஞாயிறு பாக்காம. ஏனெண்டா அங்க வரிசை மாறுது. செஃப்ட்ஸ்ல அனுப்பிறவரின்ர பேங்க் முதல்ல அவரின்ர கணக்கில காசு கிடக்கோ எண்டு பாத்து, கழிச்செடுத்திட்டுத்தான் உங்களுக்கு அனுப்பும், உங்களுக்கு வந்து சேரேக்க கேள்வி முடிஞ்சுபோயிருக்கும். செக்ல உங்களுக்கு முதல்ல எழுதிப்போட்டு, பிறகுதான் காசு கிடக்கோ எண்டு கேக்கிறது. என்னைக் கேட்டா இந்தக் காலத்தில சப்ளையருக்குச் செக் குடுக்கிற ஹோட்டல்காரருக்கு அந்த ரெண்டு மூண்டு நாள் காசு தங்கட கணக்கிலயே கிடக்கும் எண்ட ஒரு வசதி இருக்கு, அதால சீக்கிரம் விட மாட்டினம்.

வட்டி எந்த நம்பருக்குத் தருவினம் எண்டும் சிலர் கேக்கிறவை. கார்ட் ஹோல்ட் போட்டதால வட்டி குறையாது, ஏனெண்டா காசு இன்னும் உங்கட கணக்கிலதான் கிடக்கு, லெட்ஜர்ல இருக்கு. காசாகாத செக்குக்கு அப்பிடி இல்ல, லெட்ஜர்ல ஏறினாலும் வழமையா அது மாறின நாளில இருந்துதான் வட்டிக்குச் சேரும். சேவிங்ஸ்ல ஒரு நாள் வட்டி பெரிய தொகை இல்ல, அதால விட்டிடுவம்.

மிச்சம் இருக்கிறது அந்த 20,000. அதை ஆர் விடுவிக்கிறது? ஹோட்டல் விடுவிக்கலாம், அவங்கட மெசின்லயோ அவங்கட பேங்க் மூலமாவோ அந்த அப்ரூவலக் கான்சல் பண்ணினா உங்கட பேங்க்குக்குச் செய்தி வந்து ஹோல்ட் போகும். ஒண்டும் செய்யாம விட்டா தானாவே காலாவதியாகும், பேங்க்கையும் கார்ட் வகையையும் பொறுத்து ஒரு கிழமையும் ஆகும், ஹோட்டல் ஹோல்ட் எண்டா 30 நாள் வரைக்கும் இழுபடலாம். உங்கட பேங்க் தானா எடுத்து விடாது, ஹோட்டல் பிறகு கணக்க அனுப்பினா பேங்க்தான் மாட்டுப்படும். அதால ஹோட்டலிட்ட இருந்து ஒரு இமெயில் கேப்பினம், இந்தத் திகதி, இந்தத் தொகை, இந்த அப்ரூவல் கோட், இதை நாங்க எடுக்கமாட்டம் எண்டு. இவர் முதல் நாள் குடுத்த கார்ட் துண்டப் பேர்சுக்குள்ள வச்சிருந்தது நல்லதாப் போச்சு. ஹோட்டலுக்கு அடிச்சு அந்தக் கோடச் சொன்னோண்ட அங்க இருந்தவை பாத்திட்டு இமெயில் அனுப்பிச்சினம், ரெண்டு நாளில ஹோல்ட் போயிட்டு. அதுக்கிடையில மாறின செக் காசில லீசிங்குக்கு 28,000 ஐக் கையாலயே மாத்திவிட்டார், பிந்தினதுக்கான சார்ஜ் மட்டும் அவருக்கு நட்டம்.

ஹோல்ட் தானாக் காலாவதியாகிறதில ஒரு பொறி இருக்கு, அதையும் சொல்லிடுறன். ஹோல்ட் போனதெண்டா அவைலபிள் கூடும், உடன காசு திரும்பி வந்திட்டு எண்டு நினைச்சு எடுத்துச் செலவழிப்பம். ஆனா உண்மையிலயே நீங்க வாங்கின ஒரு சாமானுக்கோ தங்கின ரூமுக்கோ கடைக்காரர் கணக்கப் பிந்தி அனுப்பினா, ஹோல்ட் இல்லாட்டியும் அந்தத் தொகை லெட்ஜர்ல கழியும், கணக்கில காசு இல்லயெண்டா மைனசுக்கும் போகும். வெளிநாட்டுச் சைட்டில டொலர்ல வாங்கினா இன்னும் கவனம், ஒதுக்கினது அண்டைய ரேட்டில, கழியிறது கணக்கு வாற நாள் ரேட்டில, ரெண்டும் ஒரே தொகையா வாறது அருமை. அதால எஸ்எம்எஸ் வந்த ஒரு வாங்கல் ஸ்டேட்மன்ட்ல வரியா வரும்வரைக்கும், அவைலபிள் என்ன காட்டினாலும் அந்தக் காசத் தொடாம விடுங்க.